காலி அலமாரியின் 92 சதவீதத் துல்லியம்

வளாக வேலைவாய்ப்புப் பருவம் வந்துவிட்டால் புள்ளியியல் இறுதியாண்டு மாணவர்களிடையே ஒரே மாதிரியான கவர் லெட்டர் கைமாறத் தொடங்கிவிடுகிறது. சில்லறை வணிக நிறுவனத்தில் இளநிலைத் தேவை முன்கணிப்பு ஆய்வாளர் வேலைக்கான கடிதம் அது. முதல் பத்தியில் ஆர்வம், இரண்டாவதில் பைத்தானும் எக்செலும் பவர் பிஐயும், மூன்றாவதில் ‘ஒரு சூப்பர் மார்க்கெட்டின் விற்பனையை 92 சதவீதத் துல்லியத்துடன் கணித்தேன்’ என்ற வரி. எண் இல்லாத கடிதம் எடுபடாது என்று பயிற்சி தருபவர்களே இந்த வரியை எழுதச் சொல்கிறார்கள். மூன்று ஆண்டுகள் புள்ளியியல் படித்த ஒருவர், எதோடு ஒப்பிட்டு 92 என்று சொல்லாமல் அந்த எண்ணை எழுதுகிறார் என்றால், தான் படித்த படிப்பையே அந்தக் கடிதத்தில் கைவிடுகிறார். இதை ஊக்குவிப்பவர்கள் மாணவர்களுக்குக் கேடுதான் செய்கிறார்கள்.

துல்லியச் சதவீதம் தனியாக நின்றால் ஏன் பொருளற்றது என்பதற்கு, இந்தத் துறையில் இருப்பவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. 2020-இல் ஸ்பைரோஸ் மக்ரிடாகிஸ் குழுவினர் ‘எம்5’ என்ற முன்கணிப்புப் போட்டியை நடத்தினார்கள். அமெரிக்காவின் மூன்று மாநிலங்களில் உள்ள 10 வால்மார்ட் கடைகள், 3,049 பொருட்கள், ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான தினசரி விற்பனை, இவ்வளவும் போட்டியாளர்கள் கையில் தரப்பட்டன. அடுத்த 28 நாட்களின் விற்பனையைச் சொல்ல வேண்டும். உலகெங்கிலுமிருந்து 5,500-க்கும் மேற்பட்ட அணிகள் இறங்கின. கடைசி நாள் விற்ற அளவே இனியும் விற்கும் என்ற, எந்தக் கணக்கும் இல்லாத முறையை வென்றவர்கள் அவர்களில் பாதிக்கும் குறைவு. போன வாரம் இதே கிழமையில் விற்றது இந்த வாரமும் விற்கும் என்ற முறையை வென்றவர்கள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டினார்கள். ஒப்பீட்டுக்காக அமைப்பாளர்கள் வைத்திருந்த எளிய முறைகளில் சிறந்தது எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங். அண்மைய விற்பனைக்குக் கூடுதல் எடையும் பழையதற்குக் குறைந்த எடையும் தரும் இந்த முறை 1950-களிலேயே உருவானது, காலத்தொடர் பாடத்தில் ஒவ்வொரு புள்ளியியல் மாணவரும் சந்திப்பது. அதை வென்றவர்கள் 7.5 சதவீதம் மட்டுமே. முதலிடம் பெற்றவர் தென்கொரியாவின் கியுங் ஹீ பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டப்படிப்பில் இருந்த மாணவர். அவருடைய சாதனை எப்படிச் சொல்லப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்: அந்த எளிய முறையைவிட ஏறத்தாழ 22 சதவீதம் மேம்பட்டது என்று. ‘இத்தனை சதவீதத் துல்லியம்’ என்று யாரும் பேசவில்லை. எதைவிட மேல் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

போட்டியில் அரைகுறையாகக் கலந்துகொண்டவர்களும் உண்டு, அதனால்தான் விகிதம் இவ்வளவு குறைவு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். கல்லூரித் திட்டப்பணி அதைவிடக் கவனமாகச் செய்யப்படுகிறது என்று அவர்களால் சொல்ல முடியுமா?

ஒப்பீடு இல்லாமை பாதிக் குறைதான். அந்த 92 எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் மீதியும் தெரியும். சென்னையின் ஒரு மளிகைக் கடையில் அரைக்கிலோ கடலை மாவு பாக்கெட் சாதாரண வாரத்தில் 60 விற்கிறது, தீபாவளிக்கு முந்தைய வாரம் 300 தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. ‘போன ஆண்டு இதே தேதி’ என்று கணக்கிடும் ஆய்வாளர் 2024 அக்டோபர் 24 முதல் 30 வரையிலான வாரத்துக்கு, 2023-இன் அதே தேதிகளைப் புரட்டுகிறார். அப்போது பண்டிகைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்ததால் விற்பனை 90 தான். கொஞ்சம் கூட்டி 110 என்று கணிக்கிறார். கடைக்காரர் அதை நம்பி, கைக்காவலாகப் பத்தைச் சேர்த்து 120 பாக்கெட் இறக்குகிறார். வியாழன் 20, வெள்ளி 35, சனி 65 விற்று, சனிக்கிழமை இரவே சரக்கு தீர்ந்துவிடுகிறது. ஞாயிறு முதல் புதன் வரை விற்பனைப் பதிவில் பூஜ்யம். வாரத்தின் மொத்தம் 120, கணிப்பு 110, பிழை எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல். துல்லியம் 92 சதவீதம் என்று அறிக்கை சொல்கிறது. உண்மையில் 180 பாக்கெட் வாங்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள் அல்லது அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். அவர்கள் எந்தப் பில்லிலும் இல்லை.

விற்பனையும் தேவையும் வேறு வேறு என்ற இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டவரைத்தான் நிறுவனம் தேடுகிறது. கண்டுபிடிப்பதும் கடினமல்ல. விற்பனை பூஜ்யமாக இருக்கும் நாளில் முந்தைய இரவின் இறுதி இருப்பும் பூஜ்யமா என்று சரக்குப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். இரண்டும் பூஜ்யம் என்றால் அது யாரும் கேட்காத நாளல்ல, கொடுக்க முடியாமல் போன நாள். அந்த நாட்களைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு, சரக்கு இருந்த நாட்களின் வேகத்தையும் சரக்கு தீராத கிளைகளின் விற்பனையையும் கொண்டு இழந்த தேவையை மதிப்பிட வேண்டும். இதைச் செய்யாமல் தீபாவளியை மையமாக வைத்து நாட்களை எண்ணினாலும் பயனில்லை. 2025-இல் பண்டிகை அக்டோபர் 20. முந்தைய ஏழு நாட்களைச் சரியாகவே பொருத்திப் பார்த்தாலும், போன ஆண்டுப் பதிவில் கிடைப்பது அந்தப் பொய்யான 120 தான். காலி அலமாரி அடுத்த ஆண்டையும் காலியாக்குகிறது. எந்த மென்பொருளும் இதைத் தானாகத் திருத்தாது, ஏனென்றால் அதன் கையில் இருக்கும் தரவே அப்படித்தான் சொல்கிறது.

ஆகவே அந்த மூன்றாவது பத்தி இப்படி இருந்திருக்க வேண்டும்: ‘எம்5 தரவில் ஒரு கடையின் உணவுப் பொருட்களை எடுத்துக்கொண்டேன். போன வார அதே கிழமை விற்பனையை அடிப்படையாக வைத்து, என் முறை அதைவிட எத்தனை சதவீதம் பிழையைக் குறைத்தது என்று பார்த்தேன். அன்றாடம் விற்கும் பொருட்களில் குறைந்தது. எப்போதாவது விற்பவற்றில் குறையவில்லை. அந்தத் தரவில் இருப்பு விவரம் இல்லாததால், நீண்ட பூஜ்யங்களைத் தேவையின்மை என்று எடுத்துக்கொள்ளத் தயங்கினேன். உங்கள் நிறுவனத்தில் சேர்ந்தால் நான் முதலில் கேட்பது இருப்புப் பதிவேடு.’ ஐந்தாறு வரிகள்தான். எழுதியவருக்கு வேலை தெரியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கவர் லெட்டரை மனிதவளத் துறையினர் படிப்பதே இல்லை, சொற்களை எண்ணித் தள்ளும் மென்பொருள்தான் படிக்கிறது என்பது வழக்கமான மறுப்பு. முதல் வடிகட்டலுக்கு அது பொருந்தலாம். ஆனால், நேர்காணல் மேசையில் இருக்கப்போவது சரக்குத் திட்டமிடலைக் கவனிக்கும் மேலாளர். அவர் கையில் இந்தக் கடிதம் இருந்தால் முதல் கேள்வியே அதிலிருந்து பிறக்கும். புதிதாகப் படித்து வருபவருக்குக் கடைத் தரவு எங்கே கிடைக்கும் என்பது இன்னொரு மறுப்பு. எம்5 தரவு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இந்த மறுப்பைச் சொல்பவர்கள் தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பல்கலைக்கழகங்கள் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு மதிப்பெண் தரும்போதே இதைக் கட்டாயமாக்க வேண்டும்: எளிய முறையோடு ஒப்பிடாத எந்த முன்கணிப்புக்கும் தேர்ச்சி கிடையாது. நிறுவனங்களும் விளம்பரத்தில் ‘துல்லியச் சதவீதம் குறிப்பிடும் கடிதங்கள் பரிசீலிக்கப்படாது’ என்று ஒரு வரி சேர்க்கட்டும். அடுத்த பருவத்துக்குள் அந்த மாதிரிக் கடிதம் புழக்கத்திலிருந்து மறையும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கடலை மாவும் கடையில் இருக்கும்.