முனியாண்டியை எந்தப் பெட்டியில ஒட்டுவீங்க?

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி கலக்கிக்கிட்டு உட்கார்ந்து படிங்க.

போன ஞாயிறு நம்ம சமய வகுப்புக்கு நாலாம் ஆண்டு படிக்கிற பிள்ளை ஒன்னு ஒரு பயிற்சித்தாளைக் கொண்டு வந்துச்சு. பல சமயங்களில் சொல்லப்படும், கண்ணுக்குத் தெரியாதவர்களை வகைப்படுத்தணுமாம். தாளில் மூணு பெட்டி: ஏஞ்சல், ஸ்பிரிட், டீமன். கீழே பெயர்கள். கத்தரிச்சு ஒட்டணும். ஜின், அசுரர், பூதம், முனி எல்லாத்தையும் டீமன் பெட்டியில ஒட்டி, சரின்னு சிவப்பு மையில குறியும் வாங்கியிருக்கு பிள்ளை. எந்தப் பள்ளி, எந்த டீச்சர்னு கேட்காதீங்க. எங்களுக்கு டீச்சர் மேல கோபம் இல்லை, அந்தத் தாள் மேலதான்.

பிள்ளை கேட்ட கேள்வி இதுதான்: "அப்போ எங்க தாத்தா தேயிலைக்காட்டு எல்லையில விளக்கு வச்சுக் கும்பிட்டது பேயையா?"

அன்பர்களே, இந்த வகைப்படுத்தல் நேத்து வந்தது இல்லை. கால்டுவெல் பெயரைத் தமிழ்ப் பற்றோடு சொல்றோம், திராவிட மொழிகளுக்கு அவர் செஞ்ச வேலையை மறுக்கவும் இல்லை. அதே கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சீமை மக்களைப் பற்றி ஒரு சிறு நூல் போட்டார். அந்த மக்கள் பயந்தும் பாசத்தோடும் கும்பிட்ட காவல் தெய்வங்களை எல்லாம் டீமன் என்ற ஒரே சொல்லுக்குள்ள தள்ளி, அதைப் பேய் வழிபாடுன்னு எழுதி வச்சார். நம்ம தாத்தா பாட்டிங்க கப்பலேறுறதுக்கு முன்னாடியே அவங்க சாமிக்கு அந்தப் பெட்டி தயாரா இருந்திருக்கு.

அந்தச் சொல்லோட கதை இன்னும் பழசு. கிரேக்க மொழியில டைமோன் என்றால் முதலில் கெட்டது என்று பொருள் இல்லை. மனுசனுக்கும் பெரிய தெய்வங்களுக்கும் இடையில நிக்கிற ஒரு சக்தி, நல்லதாவும் இருக்கலாம், கெட்டதாவும் இருக்கலாம். யூதர்களோட வேதத்தைக் கிரேக்கத்துல மொழிபெயர்த்தப்போ, சங்கீதத்துல ஒரு இடத்துல மத்த சனங்களோட தெய்வங்களைக் குறிக்க இந்தச் சொல்லையே போட்டாங்க. பிறகு கிறிஸ்தவத்துல அது கெட்ட ஆவிக்கு மட்டும் உரிய பெயராயிடுச்சு. ஆக, அந்தப் பெட்டியோட பெயரிலேயே "அடுத்தவன் சாமி" என்கிற அர்த்தம் ஒளிஞ்சிருக்கு. அதுல முனியை ஒட்டச் சொன்னா பிள்ளை என்ன செய்யும்?

சரி, தப்புன்னு சொன்னா போதுமா? எப்படிப் பிரிக்கணும்? அன்னைக்கு மண்டபத்துல ஒரு மாஜோங் பேப்பரை விரிச்சு, பிள்ளைங்களோட சேர்ந்து அதே பெயர்களைத் திரும்பப் பிரிச்சோம். நல்லது கெட்டது என்ற பெட்டியை எடுத்துட்டு மூணு கேள்வி எழுதினோம். இது எங்கிருந்து வந்தது? இதுக்குச் சொந்தமா முடிவெடுக்க முடியுமா? இதை நம்புறவங்க இதுக்கு என்ன செய்றாங்க?

முதல்ல ஜிப்ரில். இஸ்லாத்தில் மலக்குகள் ஒளியால் படைக்கப்பட்டவங்க, இறைவன் கட்டளையை மீறமாட்டாங்க. அவங்களை நம்பணும், ஆனா வணங்கக் கூடாது. அடுத்து ஜின். புகையில்லா நெருப்பால் படைக்கப்பட்டது என்று குர்ஆன் சொல்லுது. மனுசன் மாதிரியே அதுக்கும் விருப்பம் உண்டு, அதுல இறைவனை ஏற்றதும் உண்டு, மறுத்ததும் உண்டு. ஜின் பெயரிலேயே குர்ஆனில் ஒரு அத்தியாயம் இருக்கு. அப்படின்னா ஜின்னை டீமன் பெட்டியில ஒட்டினதும் தப்புதானே? இதை நாம ஒத்துக்கணும். "ஜின்னுன்னா அவங்க ஊரு பேய்"னு நம்ம பெரியவங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கோம். நமக்கு வலிக்கிற மாதிரிதான் அவங்களுக்கும் வலிக்கும்.

பசித்த பேய் தாளை எடுத்தப்போ ஒரு பையன் சிரிச்சான். ஏழாம் மாசம் நம்ம காய்கறித் தோட்டக்காரச் சீனர்கள் ரோட்டோரம் ஊதுபத்தி கொளுத்தி, சாப்பாடு வைக்கிறதைப் பார்த்திருக்கான். அது விரட்டுறதுக்கு வைக்கிற சாப்பாடு இல்லை. செத்தவங்க பசியோட அலையுறாங்கன்னு இரக்கப்பட்டு வைக்கிறது. நாம அமாவாசைக்கு முன்னோருக்குப் படைக்கிறதுக்குப் பக்கத்துல வைக்கலாம், அதே இடத்துல வைக்க முடியாது. நம்ம முன்னோர் காக்கிறவங்க, அங்கே உள்ளவங்க துன்பப்படுறவங்க.

அசுரர் தாள்தான் ரொம்ப நேரம் எடுத்துச்சு. புராணப்படி தேவருக்கும் அசுரருக்கும் அப்பா ஒருத்தரே, காசியபர். தவம் பண்ணுறாங்க, வரம் வாங்குறாங்க, கெட்டும் போறாங்க. பிரகலாதன் அசுரக் குலத்துப் பிள்ளை. நாம தைப்பூசத்துக்குக் கும்பிடுற முருகன் சூரபத்மனை அழிச்சுப் போடலை, மயிலாவும் சேவலாவும் தன்கிட்டயே வச்சுக்கிட்டார். கிறிஸ்தவத்தில் விழுந்த தூதன் பக்கத்துல இவங்களை எப்படி ஒட்டுறது? பேய் என்ற சொல்லே நமக்கு வசைச்சொல் மட்டும் இல்லை. காரைக்கால் அம்மையார் தானே கேட்டுப் பேய் உருவம் வாங்கினவங்க, தன் பாட்டிலும் தன்னைப் பேய்னே சொல்லிக்கிட்டவங்க. அறுபத்து மூவரில் ஒருத்தரா நம்ம கோயில்ல நிக்கிறாங்க.

கடைசியா முனி. இங்கே இன்னொரு தப்பு நடந்துச்சு. "அப்போ முனி ஏஞ்சல்!"னு ஒரு பிள்ளை கத்த, பெத்தவங்க கைதட்டினாங்க. இல்லைங்க. ஏஞ்சல் என்ற சொல்லுக்கே தூதர்னுதான் அர்த்தம், தமிழ் பைபிள்லயும் தேவதூதன்னுதான் போட்டிருக்கும். முனி யார் செய்தியையும் கொண்டு வர்றவர் இல்லை. அவருக்குன்னு ஒரு எல்லை இருக்கு, மரம் இருக்கு, அரிவாள் இருக்கு. சுருட்டு, கோழி, சில இடத்துல சாராயம் வாங்கிக்கிறார். கேட்டதைச் செய்வார், கொடுத்த வாக்கை மறந்தா கோபிப்பார். அவருக்குக் கிட்டத்துல வர்றது இந்த மண்ணோட டத்தோக் கோங். சீனர்கள் சிவப்புக் கூண்டுல வச்சு, சொங்கோக் போட்ட டத்தோவுக்கு வெத்தலையும் சாம்பிராணியும் வைப்பாங்க, பன்றி இறைச்சி மட்டும் வைக்கவே மாட்டாங்க. அவரும் ஒரு இடத்தோட காவல்காரர். ரெண்டு பேரையும் சேர்த்து "இடத்துக் காவல்"னு பிள்ளைங்களே ஒரு புதுப் பெட்டி போட்டாங்க. அந்தத் தாளில் அச்சடிச்ச மூணு பெட்டியிலயும் இது இல்லை.

இப்போ நம்ம வீட்டுப் பக்கம் திரும்புவோம். அச்சுத் தாளைத் திட்டுற நாம என்ன செய்றோம்? "முனிசாமி துஷ்ட தேவதை, குடும்பத்தோட கும்பிடுறதுக்கு ஆகமக் கோயில்தான் சரி"ன்னு பேசுறது யார்? மேம்பாடு, குடமுழுக்குன்னு சொல்லி, தோட்டத்துல முதல்ல நட்ட சூலத்தை மூலையில கொண்டுபோய் வைக்கிறது யார்? கால்டுவெல்லுக்காவது நம்ம வீட்டு நேர்த்திக்கடன் தெரியாது. நமக்குத் தெரியும். காட்டை அழிச்சுத் தேயிலை நட்ட காலத்துல, விடியக்காலையில பனியில இறங்கின பொம்பளைங்க யாரை நினைச்சு இறங்கினாங்கன்னு வீட்டுக் கிழவிகளைக் கேட்டுப் பாருங்க. படையலை மாத்துறதா வேண்டாமான்னு கூடிப் பேசலாம், கோழி வேண்டாம்னு முடிவெடுத்தாலும் சரி. ஆனா அவரைப் பேய்னு பிள்ளை முன்னாடி சொல்லிட்டு, பிறகு பள்ளித் தாளைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போறப்போ தாளில் இருந்து முனியை மெதுவா உரிச்சு எடுத்துச்சு. பசை காய்ஞ்சு பாதி கிழிஞ்சு போச்சு. மீதியைத் தாளுக்கு வெளியே ஓரத்துல ஒட்டி வச்சிருக்கு. டீச்சருக்கு நாங்க ஒரு கடிதம் எழுதியிருக்கோம், மாஜோங் பேப்பரோட படமும் இணைச்சு. வர்ற ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு மண்டபத்துல இதே வேலையைப் பெரியவங்களோட செய்யப் போறோம். நிர்வாகத்துல இருக்கிறவங்களும் கட்டாயம் வாங்க. கத்தரிக்கோலும் பசையும் நாங்க கொண்டு வர்றோம்.