கட்டத்தை எந்தக் கண்ணால படிக்கிறது?

"ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி பார்த்துப் பண்ணணும்" என்று அறிவுரை சொல்கிறார்கள். எதைப் பார்க்கிறது? கியூஆர் கட்டத்தை மனுசக் கண்ணால படிக்க முடியாது. ஒரிஜினலும் போலியும் ஒரே கறுப்புப் புள்ளிதான்.

போன வாரம் பக்கத்து வயல் பெரியப்பா, நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு வாங்கிய மருந்து பாட்டிலைக் கொண்டுவந்தார். அரை லிட்டர். "ஸ்கேன் செய்து 200 ரூபாய் பெறுங்கள்" என்று மேலே ஒரு ஸ்டிக்கர். ஸ்கேன் பண்ணினால் கம்பெனிப் படத்தோடு ஒரு பக்கம் திறந்தது. போன் நம்பர் கேட்டது. பிறகு "பரிசு பெற" என்ற பொத்தான். அதை அமுக்கினால் பணம் கட்டும் ஆப் தொகையோடு திறந்து, பின் நம்பர் கேட்கிறது. பணம் வாங்க பின் நம்பரே வேண்டாம். பின் போட்டால் பணம் நம்மகிட்டேருந்து போகுதுன்னு அர்த்தம். நல்லவேளை, பெரியப்பா அங்கேயே நிறுத்தி என்னிடம் வந்துவிட்டார்.

பாட்டிலை நிழலில் வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, கிட்டப்போய் போட்டோ எடுத்தேன். நேரே வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்து அடித்தபோது கட்டத்தைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு நிழல்கோடு விழுந்தது, ஸ்டிக்கரின் விளிம்பு. லேபிளின் பளபளப்பு அந்த இடத்தில் மட்டும் அறுந்து மங்கலாகத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால், ஓரத்து எழுத்தில் பாதி மறைந்திருந்தது. ஒரு மூலையில் அடியிலிருந்து இன்னொரு கறுப்புச் சதுரம் எட்டிப் பார்த்தது. கியூஆரின் மூன்று மூலையிலும் பெரிய சதுரம் இருக்கும் இல்லையா, அதில் ஒன்று. அசல் கட்டத்தின் மேலேயே ஒட்டியிருக்கிறான்! கடையில் இருந்த அதே பேட்ச் பாட்டிலையும் பக்கத்தில் வைத்து எடுத்தேன். அதில் ஸ்டிக்கரே இல்லை.

ஆனால் ஸ்டிக்கர் இருந்தாலே மோசடி என்று சொல்லிவிட முடியாது. விலை மாறினால் கம்பெனிக்காரனே ஒட்டுகிறான். லேபிளையே முழுசாகப் போலியாக அடித்திருந்தால், போட்டோவில் விளிம்பும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. அப்போது மிஞ்சுவது முகவரிதான். போன் கேமரா திறப்பதற்கு முன்னால் காட்டும் வரியில், `https://`-க்கு அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியில் என்ன இருக்கிறதோ அதுதான் உண்மையான வீடு. `company.in.parisu.example/200` என்றிருந்தால் வீட்டுக்காரன் `company.in` இல்லை, `parisu.example`.

இங்கேதான் எனக்குக் கோபம். பல கம்பெனிகள் அசல் கட்டத்திலேயே யாருக்கும் புரியாத குறுக்கு முகவரியை வைக்கின்றன. கட்டத்துக்குக் கீழே தங்கள் தளத்தின் பெயரை அச்சடிப்பதும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே கொடுக்காமல், "விவசாயிக்கு விழிப்புணர்வு பத்தலை" என்கிறார்கள். கட்டத்துக்குக் கீழே ஒரு வரி அச்சடிக்க என்னய்யா செலவு? பரிசுக் கட்டத்தை மூடிக்குள் அச்சடித்தால், கடையில் நிற்கிற பாட்டிலில் எவனாவது மேலே ஒட்டிவிட்டுப் போக முடியுமா?

பெரியப்பா அந்த ஸ்டிக்கரை உரிக்கப் பார்த்தார், தடுத்துவிட்டேன். புகார் கொடுக்க பாட்டில் அப்படியே இருக்கணும். பணம் போயிருந்தால் முதல் வேலையாக 1930-க்குப் போன் போட்டிருப்போம்.