வெறுஞ்சுவர் போட்டோவும் வெட்டப்பட்ட மூலையும்



ஏ.எல். முடித்துக் கொழும்புக்குப் போகும் எங்கட பிள்ளைகள் முதல் ரூம் எடுத்த அன்றே ஒரு போட்டோ போடுவார்கள். வெறுஞ்சுவர், ஒரு மெத்தை, பிரிக்காத பேக். கீழே "நாலு சுவர், நாப்பது கனவு" மாதிரி ஒரு வரி. நாங்களும் மாஷா அல்லாஹ் என்று எழுதிவிட்டு அடுத்த போஸ்டுக்குப் போய்விடுவோம். அட்வான்ஸுக்கு சிலிப் எடுத்தாயா என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்பதில்லை.

எங்களிடம் படித்த ஒரு தம்பி தெஹிவளையில் ரூம் எடுத்தார். மாதம் 18,000. மூன்று மாத அட்வான்ஸ் 54,000. அதில் 36,000ஐ வங்கியில் போட்டார், மீதி 18,000ஐ சாவி வாங்கும்போது கையில் கொடுத்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை. அன்று பின்னேரமே சுவர் போட்டோ பேஸ்புக்கில் வந்தது. நாங்களும் லைக் போட்டோம்.

பதினொரு மாதம் கழித்து ரூமை விட்டபோது, ஈர உடுப்பைக் காயப்போட்டுச் சுவரைப் பழுதாக்கிவிட்டதாகச் சொல்லி, பெயின்ட் அடிக்க 30,000 கழிப்பேன் என்றார் வீட்டுக்காரர். அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் பாத்ரூம். தரையில் இருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் கொப்புளித்து, வெள்ளைத் தூள் கொட்டிக்கொண்டிருந்தது. காயப்போட்ட உடுப்பின் ஈரம் அப்படிக் கீழிருந்து மேலே ஏறாது. பழைய வீடுகளில் நிலத்து ஈரமோ, பாத்ரூம் குழாயின் கசிவோ சுவருக்குள் ஊறி உப்பைத் தள்ளும்போதுதான் அந்தத் தூள் வரும். மேலே பெயின்ட் அடித்தால் சில மாதத்துக்கு மறையும், அவ்வளவுதான்.

தம்பி போனைத் துழாவி முதல் நாள் போட்டோவைத் தேடினார். பேஸ்புக்கில் போட்டதில் சுவர் பளிச்சென்று இருந்தது, ஏனென்றால் அழகுக்காக வலப்பக்கக் கீழ் மூலையை அவரே வெட்டியிருந்தார். வெட்டாத போட்டோ போனில் அழியாமல் கிடந்தது. மூலையில் அதே கொப்புளம், அன்றைய திகதியோடு. வீட்டுக்காரர் பார்த்தார், 30,000 கதையை விட்டுவிட்டார்.

ஆனால் கையில் கொடுத்த 18,000? "நீங்க ரெண்டு மாசம்தானே தந்தீங்க" என்றார். பொய் சொன்னாரா, உண்மையிலேயே மறந்தாரா, எங்களுக்குத் தெரியாது. நாலு ரூம் வாடகைக்கு விடுகிறவருக்கு மறக்கவும் கூடும். கடைசி மாதக் கரண்ட் காசு போக 36,000இல் மிச்சம் கிடைத்தது. மற்றது போனதுதான்.

இதில் பாதிப் பிழை எங்களுடையது என்பது எங்கள் எண்ணம். "நம்பிக்கைதானே மவன், எழுதக் கேட்டா மனம் நோகும்" என்று வளர்த்தவர்கள் நாங்கள். குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282, கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான் என்று குர்ஆன் மதரசாவில் ஓதிக் கொடுத்தவர்களும் நாங்களே. அட்வான்ஸ் என்பது ரூமை விடும் நாளில் வீட்டுக்காரர் திருப்பித் தரவேண்டிய காசு. அதைக் கடன் என்று நினைக்க எங்களுக்கு ஏனோ வருவதில்லை.

மாதத்துக்கு மாதம் என்று எடுக்கும் ரூமுக்கு நொத்தாரிசு தேவையில்லை. ஒரு கொப்பித் தாள் போதும். எவ்வளவு காசு, என்ன திகதி, எந்த ரூம், விடுவதற்கு எத்தனை நாள் முன்னர் சொல்லவேண்டும், இரண்டு பேரின் கையெழுத்து. முழுக்காசையும் வங்கியில் போட்டால் இன்னும் நல்லது. கரண்ட் மீட்டர் அன்று காட்டும் எண்ணையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மீட்டர் பற்றி ஒரு சின்ன விஷயம். வீட்டுக்குப் பாவிக்கும் கரண்டில் யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும். தனி வீட்டில் 50 யூனிட் எரித்தால் குறைந்த கட்டணம்தான். நாலு ரூம் ஒரே மெயின் மீட்டரில், ஆளுக்கு 50 என்றால் மொத்தம் 200, அது 180ஐயும் தாண்டி மேல் கட்டணத்துக்குள் போய்விடும். அதனால் சப் மீட்டர்க் கணக்கு ஊர்ப் பில்லைவிடக் கூடவருவது எப்போதும் ஏமாற்று இல்லை. மெயின் பில்லைக் காட்டச் சொல்லி, மொத்தக் காசை மொத்த யூனிட்டால் பிரித்துப் பாருங்கள். உங்களிடம் வாங்கும் விலை அதைவிட நன்றாகக் கூட இருந்தால்தான் கதைக்க வேண்டும்.

போன கிழமை அந்தத் தம்பி புது ரூம் எடுத்திருக்கிறார், வெள்ளவத்தைப் பக்கம். மறுபடியும் வெறுஞ்சுவர் போட்டோ. அலுமாரி வைக்க ஒரு பக்கம், மேசை வைக்க ஒரு பக்கம் என்று கீழே பெரிய திட்டம் எழுதியிருந்தார். நாங்கள் கமெண்டில் "சிலிப்?" என்று மட்டும் கேட்டோம். "எடுத்த சேர், மூலையையும் பாருங்க" என்று பதில் வந்தது. பெருப்பித்துப் பார்த்தோம். நாலு மூலையும் வெட்டாமல் இருந்தது.