மூன்றாம் நாள் வலி

பல்லைப் பிடுங்கி அனுப்பும்போது மருத்துவமனையில் ஓர் அட்டை தருகிறார்கள். தில்லியிலோ மும்பையிலோ அது பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே இருக்கும். ஊரிலிருந்து வந்து மக்களோடு தங்கியிருக்கும் நம் தாய்மார்களுக்கு, அதைப் பிறர் படித்துச் சொன்னால்தான் உண்டு.

நம் அன்பர் ஒருவரின் தாயாருக்குக் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்தார்கள். அட்டையைப் பார்த்த மகன், "உப்பு நீரில் கொப்பளிக்க வேண்டுமாம், அம்மா" என்று சொல்லிவிட்டு அலுவலகம் சென்றார். அம்மையார் அன்று மாலையே சுடுநீரில் உப்பிட்டு நான்கு முறை கொப்பளித்துத் துப்பினார். '24 மணி நேரத்திற்குப் பிறகு' என்று அட்டையில் இருந்ததை மகன் சொல்லவில்லை.

அந்த அட்டையின் உயிரே அச்சொற்களில்தான் இருக்கிறது. பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து ஒரு மூடிபோல் அமைகிறது. அடியிலுள்ள எலும்பையும் நரம்பு முனைகளையும் காப்பது அதுவே. பஞ்சுத் துணியை அரைமணிக்கு மேல் கடித்திருக்கச் சொல்வது அது உறைவதற்காக. துப்பாதே, உறிஞ்சிக் குடிக்காதே, புகைக்காதே என்பதெல்லாம் அது பெயராதிருப்பதற்காக. மறுநாள் முதல், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, வாயில் மெல்ல அலைத்து, தலையைச் சாய்த்துத் தானே வழிய விட வேண்டும்.

அம்மையாருக்கு இரண்டாம் நாள் வலி தணிந்தது. மூன்றாம் நாள் இரவு அது காது வரை இழுத்தது. வாயில் துர்நாற்றம் வேறு. வீக்கமில்லை, காய்ச்சலில்லை. ஆகவே காதுக் கோளாறென்று எண்ணி எண்ணெய் காய்ச்சி விட்டார்கள்! உண்மையில் மூடி பெயர்ந்து எலும்பு வெளிப்பட்டிருந்தது. இதனை 'டிரை சாக்கெட்' என்பர்.

அன்று காலையே மருத்துவமனையிலிருந்து மகனின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்திருந்தது: நாளை மாலை 5 மணிக்கு மறுபரிசோதனை என்று. தையல் போடவில்லையே, எதற்குப் போவது என்று அவர் விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் சென்றபோது மருத்துவர் குழியைக் கழுவி மருந்திட்ட துணியை வைத்தார். மாலைக்குள் வலி பெரிதும் அடங்கிற்று.

நாள், மணி மட்டும் சொல்லும் செய்தி போதாதென்பது நம் கருத்து. வலி நேற்றைவிடக் கூடியதா என்று அது கேட்டிருக்க வேண்டும். பல் எடுத்த சாதாரண வலி நாளுக்கு நாள் குறையும். தணிந்து மீண்டும் ஏறினால் குறித்த நாள்வரை காத்திருத்தல் கூடாது. துணியை மறுபடி அரைமணி அழுத்திக் கடித்தும் இரத்தம் நில்லாவிடினும், காய்ச்சலோ விழுங்க முடியாமையோ காணினும் உடனே செல்ல வேண்டும்.

அட்டையின் பின்புறம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது. மருத்துவரைக் கேட்டு, இவற்றைத் தமிழில் அங்கே எழுதி, தாயார் கையிலேயே கொடுத்துவிட்டு அலுவலகம் செல்லலாம்.