‘படித்துவிட்டேன்’ என்பது எப்போது உண்மையாகும்?



“எல்லாப் பாடத்தையும் படித்து முடித்துவிட்டேன், உம்மா” என்று சொல்லிவிட்டுத் தேர்வுக்குப் புறப்படுகிறான் மகன். விடைத்தாள் வீடு வரும்போது அதில் 48 மதிப்பெண் இருக்கிறது. வாப்பா கோபப்படுகிறார். “பொய் சொல்லி ஏமாற்றிவிட்டாய்” என்கிறார். மகனோ, “உண்மையாகவே படித்தேன்” என்று கண்கலங்குகிறான். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இது அடிக்கடி நிகழ்வதே. இதில் பொய் சொன்னவர் எவருமில்லை என்பதைப் பெற்றோர் முதலில் உணர வேண்டும். அவன் படித்தது உண்மை. படித்தது தனக்கு வந்துவிட்டது என்று அவன் கணித்ததுதான் தவறு.

தனக்கு எது தெரியும், எது தெரியாது என்று தானே அறிந்துகொள்வதும் ஒரு திறனே. அமெரிக்க உளவியல் அறிஞர் ஜான் ஃபிளாவெல் 1979-இல் எழுதிய கட்டுரை ஒன்றின் மூலம் இத்திறன் பரவலான ஆய்வுக்கு உரியதாயிற்று. நம் சிந்தனையை நாமே கவனித்து நெறிப்படுத்தும் இதனை ‘மெட்டாகாக்னிஷன்’ என்பர். ‘தன்னறிகை’ என்று நாம் எளிமையாகச் சொல்லலாம். இதைக் கொண்டு தம் படிப்பைத் தாமே திட்டமிட்டு, இடையிடையே சோதித்து, முடிவில் சீர்தூக்கிப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்க முடியும். எப்படி என்பதே இம்மாதப் பேச்சு.

முதலில், கணிப்பு ஏன் தவறுகிறது? ஒரு பாடத்தை மூன்று நான்கு முறை வாசித்தால் அதன் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. அடுத்த வரி என்னவென்று வாசிக்கும் முன்பே தோன்றுகிறது. அந்தப் பழக்கத்தையே பிள்ளை அறிவு என்று எண்ணிவிடுகிறது. புத்தகம் திறந்திருக்கும்போது அடையாளம் காண்பது வேறு. தேர்வறையில் வெறுந்தாளின் முன் அமர்ந்து நினைவிலிருந்து எடுப்பது வேறு.

இதனைத் தெளிவாகக் காட்டிய ஓர் ஆய்வை ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006-இல் வெளியிட்டனர். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு சிறு கட்டுரையை நான்கு சுற்றுகள் வாசித்தனர். மற்றொரு பிரிவினர் ஒரு சுற்று மட்டும் வாசித்துவிட்டு, மூன்று சுற்றுகள் கட்டுரையைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினர். அவர்கள் நினைவுகூர்ந்தது 83 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் சென்றபின் நிலைமை தலைகீழாயிற்று. வாசித்தவர்களிடம் 40 விழுக்காடே எஞ்சியது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 விழுக்காடு இருந்தது. இதில் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. ‘ஒரு வாரத்திற்குப் பின் எவ்வளவு நினைவிருக்கும்?’ என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள், வாசித்துக்கொண்டேயிருந்த பிரிவினர்தாம்! மிகுதியாக மறக்கப் போகிறவர்களே மிகுதியாக நம்பினர்.

இனி, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவள் படிக்கும் பாடம் மனித இதயமும் இரத்த ஓட்டமும்.

முதற்படி திட்டமிடல். ‘இன்று அறிவியல் ஒரு மணி நேரம்’ என்று எழுதி வைப்பது திட்டமாகாது. அது நேரத்தைச் சொல்கிறதேயன்றிச் செய்ய வேண்டியதைச் சொல்லவில்லை. ‘உடலிலிருந்து இதயத்திற்கு வரும் ஒரு துளி இரத்தம் மீண்டும் உடலுக்குச் செல்லும் வழி முழுவதையும் புத்தகத்தைப் பாராமல் வரைந்து, ஒவ்வோர் இடத்திற்கும் பெயரிட வேண்டும்’ என்று எழுதினால் அது திட்டம். அதை அடைந்தோமா இல்லையா என்று பின்னர் எவரும் சோதிக்க முடியும். பின்பு அவள் பாடத்தை நிதானமாக வாசிக்கிறாள். வாசிப்பதோடு அப்பாடத்திலிருந்து பத்துக் குறுவினாக்களை ஒரு தாளில் எழுதி வைக்கிறாள். விடைகளை எழுதுவதில்லை.

இரண்டாம் படி கண்காணித்தல். இதை வாசித்து முடித்தவுடனே செய்யலாகாது. அப்போது எல்லாம் நினைவில் இருப்பது போலவே தோன்றும். சற்றுக் காலம் கழித்து, விடையைப் பாராமல் வினாவை மட்டும் கண்டு, ‘இது எனக்கு நினைவுக்கு வருமா?’ என்று கணிக்கும்போது அக்கணிப்பு மிகத் துல்லியமாகிறது என்று நெல்சன், டன்லாஸ்கி ஆகியோர் 1991-இல் காட்டினர். ஆகவே நம் மாணவி மறுநாள் மாலை அந்த வினாத்தாளை எடுக்கிறாள். வினாக்களை மட்டும் வாசித்து, தாளின் மூலையில் ‘8’ என்று குறிக்கிறாள். பத்தில் எட்டு வரும் என்பது அவளது கணிப்பு. பிறகு விடைகளை எழுதுகிறாள். எழுதி முடித்தபின் புத்தகத்தைத் திறந்து, வேறு நிற மையால் தானே திருத்துகிறாள். வந்தது ஐந்து.

எட்டுக்கும் ஐந்துக்கும் இடையிலுள்ள அந்த மூன்றுதான் நாம் தேடிய செய்தி. தேர்வறையில் தெரியவேண்டியது ஒரு வாரம் முன்னதாகவே, எந்த இழப்புமின்றி, வீட்டிலேயே தெரிந்துவிட்டது.

மூன்றாம் படி மீள்பார்வை. ‘இன்னும் நன்றாகப் படிக்க வேண்டும்’ என்று எழுதினால் அதில் பயனில்லை. ஐந்து பிழைகளும் எவ்வகையின என்று அவள் பிரித்துப் பார்க்க வேண்டும். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடித்திருக்கிறது என்பதும், அரைச்சந்திர வால்வுகளின் வேலையும் அவளுக்கு நினைவுக்கே வரவில்லை. இவை இரண்டும் இல்லாமை. நுரையீரல் தமனியில் ஆக்ஸிஜன் மிகுந்த இரத்தம் செல்கிறது என்றும், நுரையீரல் சிரையில் ஆக்ஸிஜன் குறைந்த இரத்தம் செல்கிறது என்றும் எழுதியிருக்கிறாள். இவை இரண்டும் தவறான புரிதல். ஒரு வினாவில் வலப்பக்க வால்வின் பெயரைக் கேட்டிருக்க, இடப்பக்கத்து ஈரிதழ் வால்வை எழுதிவிட்டாள். மூவிதழ் வால்வு அவளுக்குத் தெரியும். இது கவனப் பிசகு.

மூன்றிற்கும் மருந்து வெவ்வேறு. இல்லாமைக்கு, அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் வாசித்து இரண்டு நாள் கழித்து மறுபடி எழுதிப் பார்த்தல் போதும். கவனப் பிசகுக்கு, வினாவிலுள்ள முக்கியச் சொல்லின் கீழ்க் கோடிட்டபின் விடை எழுதும் பழக்கம் போதும். தவறான புரிதல்தான் அபாயமானது. ஏனெனில் அது உறுதியான நம்பிக்கையோடு எழுதப்படுகிறது. எத்தனை முறை வாசித்தாலும் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. அதன் வேரைத் தேட வேண்டும். ‘தமனி என்றால் நல்ல இரத்தம், சிரை என்றால் கெட்ட இரத்தம்’ என்று அவள் மனத்தில் பதிந்திருப்பதே வேர். இதயத்திலிருந்து வெளியே கொண்டு செல்வது தமனி, இதயத்திற்குள் கொண்டு வருவது சிரை. இரத்தத்தின் தன்மையைக் கொண்டு பெயர் அமையவில்லை என்று தெளிந்துவிட்டால் இரண்டு பிழைகளும் ஒருசேர நீங்கும்.

இத்தனையையும் பிள்ளை தானாகக் கற்றுக்கொள்ளுமா? பெரும்பாலும் இல்லை. கற்பிக்க வேண்டும். அதற்கென்று தனி வகுப்பு வைப்பதைவிடப் பாடத்தோடு சேர்த்துக் கற்பிப்பதே பயன் தரும். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போடும்போது தம் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லட்டும். ‘என்ன கேட்கிறார்கள்? எது கொடுக்கப்பட்டிருக்கிறது? இந்த வழி சரிவரவில்லையே, ஏன்? விடை பொருத்தமாக இருக்கிறதா?’ என்று அவர் தம்மையே கேட்பதை மாணவர்கள் செவியுற வேண்டும். அடுத்த கணக்கை எல்லோரும் சேர்ந்து அவ்வாறே செய்யட்டும். அதன்பின் மாணவர்கள் தனியே செய்யட்டும். ஆசிரியரின் துணை இவ்விதம் படிப்படியாக விலக வேண்டும்.

விடைத்தாள்களைத் திருப்பித் தரும் நாளில் பத்து நிமிடம் ஒதுக்கி மூன்று வினாக்களுக்கு எழுத்தில் விடை கேட்கலாம். இத்தேர்வுக்கு எவ்விதம் படித்தாய்? இழந்த மதிப்பெண்கள் எவ்வகைப் பிழைகளால் போயின? அடுத்த முறை எதை மாற்றுவாய்? அத்தாள்களை வாங்கி வைத்திருந்து, அடுத்த தேர்வுக்குச் சில நாட்கள் முன்பு அவரவரிடமே திருப்பித் தர வேண்டும். இதன் உயிரே அந்தத் திருப்பித் தருதலில்தான் இருக்கிறது. அது விடுபட்டால் மாணவன் எழுதியது மறந்தே போகும்.

இல்லத்தில் பெற்றோர் செய்ய வேண்டியது மிகச் சிறிது. பாடம் தெரியாத தாயும் இதைச் செய்யலாம். “எத்தனை வரும் என்று நினைத்தாய்? எத்தனை வந்தது? விட்டுப் போனவை எவை?” என்று கேட்டால் போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை. கணித்த எண்ணைச் சொல்லிக்காட்டி ஒருபோதும் கடிந்துகொள்ளாதீர்கள். ஒருமுறை கடிந்தாலும் மறுமுறை பிள்ளை வேண்டுமென்றே குறைத்து எழுதும். அன்றோடு அந்த எண் பொய்யாகிவிடும். ஒவ்வொரு வாரமும் ‘கவனமாகப் படிப்பேன்’ என்று ஒரே வாசகம் தாளில் வந்துகொண்டிருந்தால், அது சடங்காகிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். “எந்தப் பாடம், எந்தப் பகுதி, என்று எழுதிப் பார்ப்பாய்?” என்று கேட்டு அதை மீட்டெடுக்க வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. பாடமே புரியாத பிள்ளைக்கு இம்முறை ‘புரியவில்லை’ என்பதைக் காட்டிக்கொடுக்கும், புரிய வைக்காது. எந்த இடத்தில் தடுக்கியது என்று குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சென்று கேட்பதே அப்போது சரியான திட்டம். ‘ஒன்றுமே புரியவில்லை’ என்று சொல்லும் மாணவனைவிட, ‘நுரையீரலுக்குப் பின் இரத்தம் எங்கே போகிறது என்பது புரியவில்லை’ என்று சொல்பவனுக்கு ஆசிரியர் எளிதில் உதவ முடியும்.

பயன் விளைகிறதா என்று எதைக்கொண்டு அறிவது? முதலில் மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். கணித்த எண்ணுக்கும் பெற்ற எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். முதல் வாரம் எட்டு என்று கணித்து ஐந்து பெற்றவள், நான்காம் வாரம் ஆறு என்று கணித்து ஆறே பெற்றால், மதிப்பெண் ஒன்றுதான் கூடியது என்று எண்ண வேண்டாம். தனக்குத் தெரியாத நான்கு எவை என்பதை அவள் தேர்வுக்கு முன்பே அறிந்திருக்கிறாள். இனி அவள் செலவிடும் மணித்துளிகள் அந்த நான்கின் மீதே செல்லும்.

இவ்வாரமே ஒரு பாடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பத்து வினாக்கள், மூலையில் ஒரு கணிப்பு, வேறு நிற மையால் ஒரு திருத்தம். தொடங்குவதற்கு இவ்வளவே தேவை.