பிக்கெட், பல்ப்பெட், வாஷெட்... சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

கொட்டச்சேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் ஒரு வீட்டுப் பிள்ளை, ஆங்கில வகுப்பில் எழுந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் நேற்று நடந்த வேலைகளை இறந்த காலத்தில் சொல்ல வேண்டும். பழம் பறித்தோம், தோல் நீக்கினோம், கழுவினோம் என்று மனதில் ஓடுகிறது. வாய் "பிக்கெட், பல்ப்பெட், வாஷெட்" என்கிறது. வகுப்பே சிரிக்கிறது. ஆசிரியர் கரும்பலகையில் மூன்று பட்டியல் போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்கிறார். மலையிறங்கி சேலத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனாலும் பெரும்பாலும் அதே மூன்று பட்டியல்தான்!

முதலில் அந்தச் சிரிப்பைப் பார்ப்போம். புத்தகத்தில் 'இ-டி' என்று இரண்டு எழுத்து இருக்கிறது. பிள்ளை இரண்டையும் நேர்மையாகப் படித்தது. வெள்ளைக்காரர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் படித்தார்கள். நடுவிலிருக்கும் அந்த 'எ' ஒலியை மக்கள் விழுங்கிவிடுகிறார்களே என்று 1712-இல் கோபப்பட்டு எழுதியவர், கல்லிவர் கதை எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட். ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் தங்கிவிட்டது. ஆக, பிள்ளை செய்தது முந்நூறு வருடத்துப் பழைய 'தப்பு'!

அடுத்தது பட்டியல். அது எதற்கு? தொண்டையில் இரண்டு விரலை வைத்தால் போதும். வினைச்சொல்லின் கடைசி ஒலியில் தொண்டை அதிராவிட்டால் முடிவும் அதிராது. பிக்ட், பல்ப்ட், வாஷ்ட் மூன்றிலும் 'பட்டு' என்பதில் வரும் வல்லோசைதான். தொண்டை அதிர்ந்தால் முடிவும் அதிரும். காய வைத்ததைச் சொல்லும் டிரைட், எடை போட்டதைச் சொல்லும் வெய்ட் இரண்டிலும் 'வண்டு' என்பதில் வரும் மெல்லோசை. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ட்' என்பதால், தமிழ் எழுத்தில் அச்சடித்த கையேடுகள் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகின்றன. மூன்றாவது வகை, வினையே அந்த ஒலியில் முடிவது. ஒரே ஒலியை ஒட்டி ஒட்டி இரண்டு முறை சொல்ல முடியாதே! அதனால் நடுவில் ஒரு குட்டி 'இ' நுழைகிறது: தரம் பிரித்தால் சார்ட்டிட், வறுத்தால் ரோஸ்டிட். அசை கூடுவது இங்கே மட்டும்தான்.

பன்மை 'எஸ்'ஸும் இதே கதைதான். சேக்ஸ், பாஸ்கெட்ஸ் என்பவற்றில் பாம்புச் சீறல். பீன்ஸ், செரீஸ் என்பவற்றில் வண்டின் ரீங்காரம். ஆரஞ்சஸ், பிராஞ்சஸ் என்பவற்றில் முன்பே உரசல் ஒலி இருப்பதால் நடுவில் ஓர் உயிர் நுழைகிறது.

இது நமக்குப் புதிதா? 'கள்' விகுதியைச் சொல்லிப் பாருங்கள். பூக்கள், மரங்கள், ஆடுகள். எழுத்து ஒரே 'க'. பூக்களில் அது வன்மை, மரங்களில் தொண்டை அதிர்கிறது, ஆடுகளில் தளர்ந்து காற்றாகிறது. இதற்கு யாராவது பட்டியல் மனப்பாடம் செய்தோமா? ஆங்கில விதியும் தமிழ் விதியும் ஒன்றல்ல. ஆனால் பக்கத்து ஒலிக்கு ஏற்ப விகுதி வளைந்து கொடுக்கும் என்பது அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கு வருமுன்பே தெரிந்த சங்கதி. அதைச் சொல்லித் தராமல் பட்டியலை நீட்டுவதுதான் குற்றம்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. 'புக்' நம் வாயில் 'புக்கு' ஆவது அதனால்தான். 'பிக்ட்' என்பதில் இரண்டு வல்லினம் அடுத்தடுத்து வந்தால் வாய் திணறி நடுவில் உயிரைச் செருகுகிறது. இதற்கு மருந்து, தனிச்சொல்லாகச் சொல்லாமல் அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொல்வது. 'பிக்ட் இட்' என்பதை 'பிக்-டிட்' என்று பிரித்துச் சொன்னால் கடைசி ஒலி அடுத்த அசைக்குத் தாவிவிடும், திணறலும் போய்விடும். 'வாஷ்ட், வாஷ்ட்' என்று நூறு தடவை ஒப்பிப்பதைவிட இது மேல்.

இன்னொன்று. ரீங்கார 'எஸ்' வரவில்லை என்று பிள்ளைகளை வாட்டும் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். சொல் முடிவில் ஆங்கிலேயர் வாயிலேயே அந்த ரீங்காரம் பாதி அடங்கித்தான் ஒலிக்கிறது. கேட்பவர் காது பெரிதும் பிடித்துக்கொள்வது, அதற்கு முந்தைய உயிர் நீள்வதை. 'பேக்ஸ்' என்பது பைகளா, முதுகுகளா? உயிரை நீட்டினால் பைகள், சுருக்கினால் முதுகுகள். அதைச் சொல்லித் தந்தால் போதும். மதிப்பெண்ணில் கை வைக்க வேண்டாம்.

திருத்த வேண்டியது ஒன்றே ஒன்று, தேவையில்லாமல் கூடும் அந்த அசை. அதைத் திருத்த ஒரு நிமிடமும் தொண்டையில் இரண்டு விரலும் போதும். சிரிப்பவர்கள் முதலில் தங்கள் தொண்டையில் விரலை வைத்து 'ஆஸ்க்ட்' என்று சொல்லிப் பார்க்கட்டும். 'ஆஸ்கெட்' என்று வந்தால்... வகுப்பில் இன்னொருவர் சேர்ந்துவிட்டார், அவ்வளவுதான்!