'504 Gateway Time-out' ஏன் வருகிறது? அந்த 60 நொடிக்குள் சர்வரில் நடப்பது என்ன?

ரிசல்ட் பார்க்கப் போனாலும் சரி, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போனாலும் சரி, போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சரியாக ஒரு நிமிஷம் கழித்து வெள்ளைப் பக்கத்தில் `504 Gateway Time-out` என்று வரும், அதன் கீழே சின்னதாக `nginx`. உடனே நாம் திட்டுவது ஜியோவையோ ஏர்டெல்லையோதான். ஆனால் இந்தப் பிழைக்கும் உங்கள் சிக்னலுக்கும் சம்பந்தமே இல்லை. சிக்னல் நன்றாக இருந்ததால்தான் அந்த 504 செய்தியே உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

2021 ஏப்ரல் 28 பலருக்கு நினைவிருக்கும். 18 வயதைக் கடந்தவர்களுக்கான தடுப்பூசிப் பதிவு மாலை 4 மணிக்குத் தொடங்கியது. கோவின் தளம் திணறியது, ஓ.டி.பி. வரவில்லை, பக்கம் திறக்கவில்லை என்று சமூக வலைதளங்கள் நிரம்பின. 4 மணிக்குச் சிறிய கோளாறு இருந்தது, சரிசெய்யப்பட்டுவிட்டது என்று ஆரோக்கிய சேது விளக்கம் கொடுத்தது. அன்று ஒரே நாளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். கோவினுக்குள் அன்று எந்தப் பாகம் திணறியது என்பது வேறு விஷயம். ஒரே நேரத்தில் எல்லோரும் கதவைத் தட்டினால் சர்வருக்குள் என்ன நடக்கும் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

என்ஜின்எக்ஸ் யார்?

கீழவைப்பார் மாதிரி ஒரு கடற்கரை ஊரில் மீன் வாங்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் நேராகப் படகில் ஏறுவதில்லை. கரையில் ஒருவர் நிற்கிறார், அவரிடம் கேட்கிறீர்கள், அவர் படகுக்குப் போய்க் கேட்டு வந்து சொல்கிறார். அந்தக் கரை ஆள்தான் என்ஜின்எக்ஸ். ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் சிசோயேவ் எழுதி, 2004-ல் வெளியிட்ட மென்பொருள் இது. இன்று உலகின் ஏராளமான தளங்களுக்கு இதுதான் வாசல்காரர். உண்மையான வேலையை, அதாவது உங்கள் பதிவெண்ணைத் தேடி மதிப்பெண்ணை எடுப்பதைச் செய்வது பின்னால் இருக்கும் செயலி சர்வர். பைத்தான், ஜாவா, பி.எச்.பி. என்று அது எதில் வேண்டுமானாலும் எழுதப்பட்டிருக்கலாம்.

கரை ஆள் எவ்வளவு நேரம் காத்திருப்பார்? அதற்கு என்ஜின்எக்ஸில் தனித்தனி கடிகாரங்கள் உண்டு. இரண்டு முக்கியம்:

```
proxy_connect_timeout 60s;
proxy_read_timeout    60s;
```

யாரும் எதையும் மாற்றாவிட்டால் இரண்டுமே 60 நொடி. முதலாவது, பின் சர்வருடன் இணைப்பு கிடைப்பதற்கான நேரம். இரண்டாவது, இணைப்பு கிடைத்த பிறகு பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம். நாம் பார்க்கும் 504-களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது கடிகாரம் அடித்ததால் வருபவை.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. `proxy_read_timeout` முழுப் பதிலுக்கான கெடு அல்ல. அடுத்தடுத்து வரும் இரண்டு துண்டுகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் மௌனம் தாங்கலாம் என்பதுதான் அது. அதனால்தான் பத்து நிமிஷம் ஓடும் ஒரு பெரிய டவுன்லோடு 504 ஆகாமல் முடிகிறது, ஆனால் 61 நொடி வாயே திறக்காத ஒரு சின்ன வினவல் 504 ஆகிவிடுகிறது. பாதிப் பதில் போன பிறகு மௌனம் நீண்டால்? அப்போது 504 வராது. பக்கம் பாதியில் அறுந்து நிற்கும்.

மூன்று நொடி வேலை அறுபது நொடி ஆவது எப்படி?

"எங்க செயலி மூணு செகண்ட்ல பதில் சொல்லுதே, 60 எப்படி தாண்டும்?" என்பது டெவலப்பர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும்.

உதாரணத்துக்கு ஒரு தளம். பின் சர்வரில் 10 வேலையாட்கள், அதாவது ஒரே நேரத்தில் 10 கோரிக்கைகளைத்தான் கவனிக்க முடியும். ஒவ்வொன்றுக்கும் 3 நொடி. அப்படியானால் நொடிக்குச் சுமார் 3.3 கோரிக்கை முடியும். சாதாரண நாளில் நொடிக்கு ஒன்றிரண்டுதான் வருகிறது, பிரச்சினை இல்லை.

காலை 10 மணிக்கு ரிசல்ட் வெளியாகிறது. நொடிக்கு 8 கோரிக்கைகள் வரத் தொடங்குகின்றன. முடிவது 3.3, மிச்சம் 4.7 வரிசையில் நிற்கிறது. ஒவ்வொரு நொடியும் வரிசை அவ்வளவு நீள்கிறது. சுமார் 40 நொடியில் வரிசை 190-ஐத் தொட்டுவிடும். அந்த நேரத்தில் உள்ளே வருபவருக்கு முன்னால் நிற்பவர்கள் முடியவே 57 நொடி ஆகும், அவருடைய சொந்த வேலைக்கு இன்னும் 3 நொடி. அவ்வளவுதான், கெடு முடிந்தது. முதல் 504 திரையில் வருவது 10 மணி 1 நிமிஷம் 40 நொடி வாக்கில். வினவல் கடைசிவரை மூன்று நொடிதான் எடுத்தது, மீதி முழுக்கக் காத்திருப்பு.

இன்னொரு நுணுக்கம்: வரிசையில் நிற்கும்போதே இணைப்பு கிடைத்துவிட்டதாகத்தான் என்ஜின்எக்ஸ் நினைக்கும். பின் சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டம் இணைப்பை வாங்கி வைத்துக்கொள்கிறது, வேலையாள் எடுப்பது பிறகுதான். ஆகவே ஓடுவது இணைப்புக் கடிகாரம் அல்ல, பதிலுக்கான கடிகாரம்.

இதன் பிறகு நடப்பதுதான் கொடுமை. 60 நொடி முடிந்ததும் என்ஜின்எக்ஸ் கையை விரித்துவிடுகிறது. ஆனால் பின் சர்வருக்கு அது தெரியாது. வரிசையில் அந்தக் கோரிக்கை அப்படியே இருக்கிறது. முறை வந்ததும் வேலையாள் அதை எடுத்து, மூன்று நொடி உழைத்து, பதிலை நீட்டும்போதுதான் எதிரே ஆளே இல்லை என்று தெரிகிறது. போனில் இருப்பவரோ இதற்குள் இரண்டு முறை ரீஃப்ரெஷ் அடித்திருப்பார், அவை புதிய கோரிக்கைகளாக வரிசையின் கடைசியில். கொஞ்ச நேரத்தில் 10 பேரும் ஓயாமல் உழைப்பார்கள், ஒருவருக்கும் பதில் போகாது.

நேரத்தை 300 ஆக்கினால் போதாதா?

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் யோசனை இதுதான். மேலே சொன்ன கணக்கில் அதைப் போட்டுப் பாருங்கள். 60 நொடிக்கு 200 பேர் நின்ற வரிசையில் இப்போது 1,000 பேர் நிற்பார்கள். 504 கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவே. ஐந்து நிமிஷம் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் யாரும் தயாராக இல்லை.

நேரத்தை நீட்டுவது நியாயமான இடமும் உண்டு. மாதம் ஒருமுறை ஓர் அலுவலர் எடுக்கும் பெரிய அறிக்கை, இயல்பாகவே 90 நொடி ஆகும் என்றால், அந்த ஒரு முகவரிக்கு மட்டும் நீட்டலாம். தளம் முழுவதற்கும் வேண்டாம்:

```
location /arikkai/ {
    proxy_pass http://127.0.0.1:8000;
    proxy_read_timeout 120s;
}
```

அப்போதும் இரண்டு இடங்களில் சறுக்கலாம். என்ஜின்எக்ஸுக்கு முன்னால் லோடு பேலன்சர் இருந்தால் அதற்கும் சொந்தக் கடிகாரம் உண்டு. அமேசானின் அப்ளிகேஷன் லோடு பேலன்சரில் இயல்பு அளவு 60 நொடி. இங்கே 120 வைத்தாலும் அங்கே 60-லேயே 504 கிடைத்துவிடும். அடுத்தது, பி.எச்.பி. தளங்களில் `fastcgi_pass` பயன்படுத்தினால் `proxy_read_timeout` எதையும் செய்யாது, மாற்ற வேண்டியது `fastcgi_read_timeout`. தவறான வரியை மாற்றிவிட்டு "ஒண்ணும் ஆகலையே" என்று நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய.

எங்கே கோளாறு என்று எப்படித் தெரியும்?

முதலில் என்ஜின்எக்ஸின் பிழைப் பதிவு. பதிலுக்காகக் காத்து ஓய்ந்திருந்தால் இப்படி இருக்கும்:

```
upstream timed out (110: Connection timed out)
while reading response header from upstream
```

`while reading` இருக்கும் இடத்தில் `while connecting to upstream` என்றிருந்தால் கதையே வேறு. பின் சர்வரைத் தொடவே முடியவில்லை என்று பொருள். ஃபயர்வால், தவறான முகவரி, விழுந்துவிட்ட இயந்திரம் என்று தேட வேண்டும்.

அடுத்து, வருகைப் பதிவில் `$status`, `$request_time`, `$upstream_response_time` மூன்றையும் எழுத வைத்தால் படம் தெளிவாகும்:

```
200 0.210 0.210
200 31.406 31.406
504 60.001 60.001
499 22.870 22.870
```

60.001 என்ற எண் கைரேகை மாதிரி. எந்தக் கடிகாரம் அடித்தது என்பதை அதுவே சொல்லிவிடும். 504 வந்தும் நேரம் 30 என்று இருந்தால், அது என்ஜின்எக்ஸ் போட்ட 504 அல்ல, பின்னால் இன்னொரு அடுக்கு கொடுத்ததை இது கடத்தியிருக்கிறது. 499 என்பது பயனர் பொறுமை இழந்து போய்விட்டார் என்பதற்கு என்ஜின்எக்ஸ் வைத்த குறி. 504-க்கு முன்பே 499 கூடத் தொடங்கும், கவனித்தால் அதுவே முன்னெச்சரிக்கை.

இரண்டாவது வரியைப் பாருங்கள். என்ஜின்எக்ஸ் கணக்கில் 31.4 நொடி. அதே கோரிக்கைக்குச் செயலியின் சொந்தப் பதிவில் 3 நொடி என்றிருந்தால், மிச்சம் 28 நொடி வரிசையில் போனது. செயலியும் 31 என்றே சொன்னால் வினவலே மெதுவானது. எதைத் திருத்துவது என்பதை இந்த ஓர் ஒப்பீடே முடிவு செய்துவிடும்.

அப்போ தீர்வு?

நம் உதாரணத்தில் 3 நொடியே அதிகம். பதிவெண்ணைத் தேட டேட்டாபேஸ் ஒவ்வொரு முறையும் முழு அட்டவணையையும் புரட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சில ஆயிரம் வரிகள் இருந்தபோது தெரியாத தாமதம் இது, லட்சங்களில் தெரிகிறது. பதிவெண்ணுக்கு ஓர் இன்டெக்ஸ் போட்டு அது 0.1 நொடிக்கு வந்தால், அதே 10 வேலையாட்கள் நொடிக்கு 100 பேரைக் கவனிப்பார்கள். வருவது 8. வரிசையே இல்லை.

குறைக்கவே முடியாத வேலை என்றால் பயனரை நிற்க வைக்கக் கூடாது. விண்ணப்பத்தை வாங்கி ஒப்புகை எண் கொடுத்து உடனே அனுப்பிவிட்டு, வேலையைப் பின்னணியில் முடிக்கலாம். அதற்கும் மேல் கூட்டம் வந்தால் `limit_req` வைத்து எல்லையைத் தாண்டுபவர்களை உடனே திருப்பி அனுப்பலாம். கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் ஒரு நிமிஷம் காக்க வைத்து எல்லோரையும் ஏமாற்றுவதைவிட, சிலரிடம் உடனே "பிறகு வாங்க" என்று சொன்னால் மற்றவர்களுக்காவது பதில் போய்ச் சேரும்.

போனைக் கையில் வைத்திருப்பவர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வெறும் பக்கம் பார்க்கும்போது 504 வந்தால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலலாம். பணம் கட்டும்போதோ விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும்போதோ வந்தால், மறுபடி பட்டனைத் தட்டாதீர்கள். பின் சர்வர் வேலையைத் தொடர்ந்து முடித்திருக்கலாம் என்று மேலே பார்த்தோம். முதலில் வங்கி எஸ்.எம்.எஸ்., பிறகு தளத்தில் விண்ணப்ப நிலை, இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு அடுத்த முயற்சி.